சிம்பலங்கா அறிவித்த நேரம்

ரோட்சன் சிம்பலங்காவைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்றால் அவருடைய குரலைச் சொல்லலாம். கணீரென்ற குரல். கோயிலில் பிரசங்கம் செய்யப் பிறந்த குரல். அது போய் ஒரு வேளாண்மை வாத்தியாரின் தொண்டையில் மாட்டிக்கொண்டது. நல்லது அத்தோடு முடிந்தது. இனி உள்ளதைச் சொல்கிறேன்.

பதினோரு மாதம் அந்த மனிதரை யாரும் சீந்த மாட்டார்கள். அவருடைய பள்ளியில் கோழிக்குத் தீனி போடுவதும், மக்காச்சோளத்தின் இலையைப் பலகையில் வரைவதுமாகக் காலம் தள்ளுவார். ஜூன் கடைசியில் தேர்வு வாரியத்திலிருந்து தலைமைக் கண்காணிப்பாளர் என்று ஒரு கடிதம் வந்துவிடும். அவ்வளவுதான், அல்பனுக்கு வாழ்வு வந்த கதை! நடையே மாறிவிடும். தோளில் கஞ்சி போட்ட கோட்டு ஏறும். கழுத்து ஒரு பக்கம் திரும்பாது. இடது மணிக்கட்டில் தங்கநிறத்தில் ஒரு கடிகாரம் பளபளக்கும்.

அந்தக் கடிகாரத்தின் வரலாறு எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்கார மேலாளர் ஊரைவிட்டுப் போகும்போது, "உன்னைப் போல நேரம் தவறாத மனிதனை நான் பார்த்ததில்லை" என்று சொல்லி, தன் கையிலிருந்து கழற்றிக் கொடுத்ததாம். யார் பார்த்தது? அவர் சொன்னார், நாங்கள் கேட்டுக்கொண்டோம். நேரம் பார்க்கும்போது சட்டைக் கையைச் சுருக்கென்று இழுப்பார். மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோவார். ஒரு கண்ணை மூடுவார். பிறகு மெல்லத் தலையசைப்பார். சூரியனே அவரிடம் அனுமதி கேட்டுத்தான் நகர்கிறது என்று தோன்றும்.

நான் பெயரளவுக்குப் புவியியல் டீச்சர். தேர்வு மாதத்தில் அவருக்குக் கீழே அறைக் கண்காணிப்பாளர். சொந்தப் பள்ளியில் யாரும் கண்காணிக்கக் கூடாது என்பது விதி. அதனால் எட்டு கிலோமீட்டர் சைக்கிள் டாக்சியில் தொங்கிக்கொண்டு, மலையடிவாரத்தில் இருந்த அந்தப் பள்ளிக்குப் போவேன். அந்தப் பள்ளி ஆசிரியர்கள் தேர்வு நேரத்தில் கூடத்தின் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள். நான்கு ஆண்டு அவரோடு வேலை பார்த்தேன். நான்கு ஆண்டும் அந்தக் கடிகாரத்தை நம்பினேன். அதை நினைத்தால் இன்றும் என்மீதே எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

தேர்வுக்கூடத்தில் நேரம் என்பது ஒருவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அதில் எனக்கும் மறுப்பில்லை. நாலு கண்காணிப்பாளர் நாலு நேரம் சொன்னால் பிள்ளைகள் என்ன செய்யும்? தலைமைக் கண்காணிப்பாளர் கரும்பலகையில் தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் எழுதுவார். எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் சுவர்க்கடிகாரம் தொங்க வேண்டும். முடிய அரைமணி இருக்கும்போது ஒருமுறை, ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருமுறை அவர் எச்சரிப்பார். மற்ற நாங்கள் வாயைத் திறக்காமல் மேசைகளுக்கு நடுவே நடக்க வேண்டும். இதுதான் ஒழுங்கு.

எங்கள் மையத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. கூடத்தில் இடம் போதாமல் இருபத்தாறு பேர் எதிரே நூலகத்தில் எழுதினார்கள். அங்கே கடிகாரம் கிடையாது. ஆகவே வெளியே மாமரத்தில் தொங்கிய லாரிச் சக்கரத்து ரிம்தான் இரண்டு அறைக்கும் பொது. அரைமணிக்கு ஓர் அடி. ஐந்து நிமிடத்துக்கு இரண்டு அடி. முடிந்தால் விடாமல் கணகணவென்று. அடிப்பவர் கச்சிங்வே, பள்ளியின் கடைநிலை ஊழியர். ஐம்பது வயது, கையில் ஒரு பெரிய போல்ட், காதோடு ஒட்டிய சின்ன ரேடியோ. வழக்கமான பாடவேளை மணிகளைத் தேர்வு முடியும்வரை அடிக்காமல் நிறுத்திவைப்பதும் அவர் பொறுப்பு. தினமும் காலையில் ரேடியோ நேரத்துக்குக் கூடத்துக் கடிகாரத்தைச் சரிசெய்து மாட்டுவதும் அவர்தான்.

முதல் நாளே சிம்பலங்கா மேடையேறி முழங்கினார்.

"கேட்டுக்கோங்க! மணி அடிக்கிற வரைக்கும் பேனா உங்க கையில. மணி அடிச்சப்புறம் வெறுங்கை. நடுவுல எவன் என்ன சொன்னாலும் காதுல வாங்கக் கூடாது. அது யாரா இருந்தாலும் சரி. மணிதான் சட்டம்!"

அதோடு விட்டாரா? பையன்களில் இரண்டு பேர் கையில் கட்டியிருந்த கடிகாரங்களையும் வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டார். "நேரம் வேணும்னா என்கிட்ட கேளுங்க," என்றார். இதே பேச்சை ஆறு நாளும் காலையில் ஒப்பித்தார். எனக்குத் தூக்கத்தில்கூட வரும்.

ஏழாம் நாள் கணக்கு, இரண்டாம் தாள்.

அன்று சிப்பெரோனித் தூறல், எங்கள் ஊர்க் குளிர்காலத்துப் பனிமழை. மலை தெரியவில்லை, வெயில் தெரியவில்லை. காலை எட்டும் ஒன்றுதான், பகல் பன்னிரண்டும் ஒன்றுதான். பிள்ளைகள் விரல் விறைத்துப்போய்க் கையை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய போன்களும் தலைமையாசிரியர் அறை இழுப்பறையில் பூட்டப்பட்டிருந்தன. என்னுடையதும்தான்.

ஜன்னலோரம் மூன்றாம் வரிசையில் எனெலேசி. அவளுக்கு இருபத்தேழு வயது. பத்து ஆண்டுக்கு முன் வயிறு தள்ளியதும் பள்ளியைவிட்டு நின்றவள். பேருந்து நிற்கும் இடத்தில் விடியற்காலையில் மாண்டாசி என்னும் மாவுருண்டை பொரித்து விற்பாள். அந்த எண்ணெய் வாசனையோடுதான் தேர்வுக்கு வருவாள். தனித்தேர்வராக இது மூன்றாவது முயற்சி. மற்ற பாடமெல்லாம் தேறிவிட்டாள், கணக்கு மட்டும் பாக்கி. அது கிடைத்தால் செவிலியர் பயிற்சிக்கு மனுப் போடலாம். அதற்கு வயது வரம்பு அந்த ஆண்டோடு சரி. கணக்கு முதல் தாளன்று வாசலில் சோதனை போட்டபோது என்னிடம் சொன்னாள்: "டீச்சர், இந்தத் தடவை விட்டா அப்புறம் சாகுற வரைக்கும் எண்ணெச்சட்டிதான்."

எட்டு மணிக்கு உறையைப் பிரித்துத் தாளைக் கொடுத்தோம். பலகையில் 8.00 – 10.30 என்று சிம்பலங்கா தன் முத்தான எழுத்தில் எழுதினார். பிறகு மேடையில் நாற்காலியில் சாய்ந்து, கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் தன் வித்தையைத் தொடங்கினார். அது உண்மையிலேயே வித்தைதான். பத்தடி தூரத்திலிருந்து பார்த்தால் தேசத்தையே கண்காணிப்பது போல இருக்கும். கிட்டே போனால் குறட்டை கேட்கும்.

நான் வரிசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருந்தேன். கடிகாரம் ஒன்பது பன்னிரண்டு காட்டியது. இரண்டு சுற்று நடந்து வந்து பார்த்தேன், ஒன்பது பன்னிரண்டு. இன்னும் ஒரு சுற்று. அதே ஒன்பது பன்னிரண்டு. நொடிமுள் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டிருந்தது. பேட்டரி போய்விட்டது.

மேடைக்குப் போய்க் குனிந்து மெல்லச் சொன்னேன். "சார், கடிகாரம் நின்னுருச்சு."

திடுக்கிட்டு விழித்தார். விதிப்புத்தகத்தில் இதற்கு ஒரே வரிதான்: கூடத்துக் கடிகாரம் நின்றால், தலைமைக் கண்காணிப்பாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைப் பலகையில் எழுத வேண்டும். இருபது நொடி வேலை. அவரோ முகம் வெளுத்துப்போய்க் காவலுக்கு நின்ற கான்ஸ்டபிளைக் கூப்பிட்டார்.

"ஓடு, ஓடு! எங்கயாவது ஒரு கடிகாரம் கொண்டா!"

"உங்க வாட்ச் இருக்கே சார்," என்றேன்.

"பிள்ளைங்க எல்லாரும் வந்து என் கையப் பார்ப்பாங்களா? சுவத்துல வேணும் நசோலோ டீச்சர், சுவத்துல! உங்களுக்கு விதி தெரியாது."

கான்ஸ்டபிள் தலைமையாசிரியர் அறைக்குப் போய், அங்கே தொங்கியதை ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். அது ஒன்பது நாற்பத்தேழு காட்டியது. சிம்பலங்கா சட்டைக் கையை இழுத்தார். மணிக்கட்டை மூக்கருகே கொண்டுபோனார். ஒரு கண்ணை மூடினார். தலையசைத்தார்.

"சரியா இருக்கு. நிமிஷம்கூட மாறல," என்று சொல்லிவிட்டு எழுந்து நின்று கணீரென்று அறிவித்தார்: "கடிகாரம் மாற்றப்பட்டுள்ளது. இப்போது நேரம் ஒன்பது நாற்பத்தேழு!"

கூடம் முழுக்க ஒரு பெருமூச்சு. எனெலேசி தலை நிமிர்ந்தாள். தன் தாளைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். கை தூக்கினாள்.

"ஐயா, நேரம் ரொம்ப ஓடிட்ட மாதிரி இருக்கு. நான் இவ்வளவு மெதுவா எழுதல ஐயா."

"ஓடாம? மகாராணி எழுதி முடிக்கட்டும்னு உட்கார்ந்திருக்குமா?" என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் கன்னம் கறுத்துக் குனிந்துகொண்டாள்.

புதுக் கடிகாரத்தில் பத்து ஆனதும் ஜன்னலருகே போய் வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டினார். வெளியே கச்சிங்வே ஓர் அடி அடித்தார். "இன்னும் முப்பது நிமிடம்!" என்று கூடம் அதிர முழங்கினார் சிம்பலங்கா. பேனாக்கள் தாறுமாறாகப் பறந்தன. எனெலேசி கடைசிக் கேள்விக்கு இன்னும் வரவேயில்லை. அது வரைபடக் கேள்வி. வரைபடத்தாளில் புள்ளி வைத்து, வளைவு போட்டு, விடையைப் படித்தெடுத்து, நூலால் விடைத்தாளோடு கட்ட வேண்டும். அவசரத்தில் முடிகிற வேலையா அது?

பத்து நிமிடம் போயிருக்கும். கதவருகே யாரோ "ஸ்ஸ்" என்றார்கள். கச்சிங்வே. உள்ளே வர அவருக்கு அனுமதியில்லை. நான் வாசலுக்குப் போனேன்.

"டீச்சர், உள்ள மணி என்ன?"

"பத்து பத்து."

"ரேடியோல பத்து மணிச் செய்தி இப்பத்தான் ஆரம்பிக்குது. இந்தாங்க, கேளுங்க."

ரேடியோவை என் காதில் வைத்தார். ஆமாம், செய்தி வாசிப்பவர் அப்போதுதான் வணக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்தப் போலீஸ்காரர் எங்கருந்து கடிகாரம் எடுத்தாரு? பெரியய்யா ரூமுல இருந்தா? அட கடவுளே! அதப் பத்து நிமிஷம் முன்னாடி தள்ளி வச்சதே நான்தான் டீச்சர். ஒவ்வொரு பருவமும் பெரியய்யா சொல்லி வைக்கிறதுதான். வாத்தியாருங்க லேட்டா வந்து கையெழுத்துப் போடும்போது திட்டணும்ல!"

அந்தப் பள்ளிக்கூடத்தில் எலிக்கும் பல்லிக்கும்கூட இது தெரிந்திருக்கும். தெரிந்த ஆசிரியர் ஒருவரும் அன்று கூடத்துப் பக்கம் வரக் கூடாது. வெளியூரிலிருந்து வந்த எங்களுக்கு எப்படித் தெரியும்?

ஓடிப்போய்ச் சிம்பலங்காவின் காதில் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஏதோ நான் குளிக்காமல் கோயிலுக்குள் நுழைந்துவிட்டது போல.

"மணி அடிக்கிறவன் எனக்கு மணி சொல்றானா?"

"ரேடியோ சொல்லுது சார்."

"ரேடியோ! என் வாட்சும் அதே நேரம்தான் காட்டுச்சு. நானே பார்த்தேன். அப்ப என் வாட்ச் பொய்யா? டீச்சர், இந்தக் கூடத்துல நேரத்தப் பத்திப் பேசுற அதிகாரம் ஒரே ஆளுக்குத்தான். இன்னொரு வார்த்த பேசினீங்கன்னா தேர்வுக்கு இடைஞ்சல் பண்ணீங்கன்னு எழுதிருவேன். அடுத்த வருஷம் வீட்டுல உட்கார்ந்து சோளம் உரிக்கலாம்."

நான் என்ன செய்தேன்? வாயை மூடிக்கொண்டு நடந்தேன். ஆமாம், நடந்தேன். விதிப்படி நேரம் சொல்லக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். அவரைப் பற்றி இத்தனை இளப்பமாகப் பேசுகிற நான், அன்று அவருடைய கோட்டுக்குப் பயந்தவள்தான். எனெலேசியின் மேசையை மூன்று முறை கடந்தேன். அவள் பென்சில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தது. "பொறு பெண்ணே, உனக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கிறது" என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் துப்பில்லை.

சுவரில் பத்து இருபத்தைந்து. சிம்பலங்கா ஜன்னலில் கைக்குட்டையை ஆட்டினார். இரண்டு அடி விழ வேண்டும். சத்தமே இல்லை. மறுபடி ஆட்டினார். மாமரத்தடியில் கச்சிங்வே போல்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழைக்கு ஒதுங்கியவர் போல நின்றார்.

"செவிட்டுப் பயல்!" என்று பல்லைக் கடித்துவிட்டு இவர் வாயாலேயே அறிவித்தார்: "இன்னும் ஐந்து நிமிடம்!"

எனெலேசி பதறியதில் வரைபடத்தாள் ஓரத்தில் கிழிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுவதற்குக்கூட நேரமில்லாத அழுகை.

சுவரில் பத்தரை. கைக்குட்டை ஆடியது. மணி அடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி இரண்டு கையையும் ஆட்டினார், ஆற்றில் முங்குகிறவன் மாதிரி. மணி அடிக்கவில்லை. நூலகத்து இருபத்தாறு பேரும் தங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு வந்து கத்தினார்.

"நேரம் முடிந்தது! பேனாக்களைக் கீழே வையுங்கள்!"

யாரும் வைக்கவில்லை. முன்வரிசைப் பையன் ஒருவன் எழுதுவதை நிறுத்தாமலே சொன்னான்: "மணி அடிக்கலையே சார்."

"நான் சொல்றேன்ல!"

"யார் சொன்னாலும் காதுல வாங்கக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொன்னீங்க. மணிதான் சட்டம்னு."

ஆறு நாள் ஒப்பித்தது வீண் போகவில்லை! அந்த நிமிடம் எனக்கு வந்த சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிம்பலங்காவின் வாய் திறந்தது, மூடியது. குரல் மட்டும் வரவில்லை. கான்ஸ்டபிளை விரட்டினார்: "போய் அவன அடிக்கச் சொல்லு! இல்ல, நீயே அடி!"

கான்ஸ்டபிள் போனார். கச்சிங்வே ஏதோ சொன்னார். ரேடியோவைக் காட்டினார். கான்ஸ்டபிள் காதை வைத்துக் கேட்டார். ஜன்னல் வழியாகக் கூடத்துக் கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். பிறகு மழைக்கோட்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு மரத்தடியிலேயே நின்றுவிட்டார். நான் பேசாத பேச்சை அவர்கள் இருவரும் பேசாமலே பேசிவிட்டார்கள்.

உள்ளே கடிகாரம் பத்து முப்பத்தைந்து காட்டியபோது, கச்சிங்வே அதைப் பார்த்துப் பத்தைக் கழித்து, இரண்டு அடி அடித்தார். அன்றைய கணக்குத் தேர்வில் அப்போதுவரை சரியாக வந்த ஒரே விடை அதுதான் என்பேன். பிறகு ஐந்து நிமிடம் கழித்துக் கணகணவென்று அடித்தார். எனெலேசி நூலை முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுத்தாள். வெறுங்கை.

தாள்களை எண்ணி உறையில் போட்டு ஒட்டிய பிறகுதான் சிம்பலங்காவுக்கு உயிர் வந்தது. அறிக்கைப் படிவத்தை விரித்தார். கச்சிங்வேயை உள்ளே கூப்பிட்டு நிறுத்தினார்.

"எழுதுறேன் பாரு. 'மணியடிப்பவர் கீழ்ப்படிய மறுத்ததால் தேர்வர்கள் பத்து நிமிடம் கூடுதலாக எழுதினர்.' உன் வேலைக்கு வேட்டு!"

"ஐயா, என் வேலை போகட்டும்," என்றார் கச்சிங்வே. "கூடுதலா எழுதினாங்கன்னு போட்டீங்கன்னா இந்த மையத்துக் கணக்குத் தாளையே ரத்து பண்ணிருவாங்களே. பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

"அத நீ யோசிச்சிருக்கணும்."

பேனாவை என்னிடம் நீட்டினார். கீழே என் கையெழுத்தும் வேண்டும். படிவத்தில் அவரே காலையில் எழுதிய 8.00 இருந்தது. எனெலேசியின் எண்ணெய் வாசனை இன்னும் கூடத்தில் இருந்தது. எங்கிருந்து எனக்கு அந்தத் தைரியம் வந்தது என்று தெரியவில்லை. வெட்கத்திலிருந்து வந்திருக்கும்.

"கையெழுத்துப் போடுறேன் சார். அதுக்கு முன்னாடி, உங்க வாட்சுல இப்ப மணி என்ன?"

"எதுக்கு?"

"ரேடியோவும் இல்ல, சுவரும் இல்ல. உங்க வாட்சு. அது சொல்றத எழுதிக்கலாம்."

வலது கை இடது மணிக்கட்டின்மேல் போய் மூடிக்கொண்டது. சுவரை ஒருமுறை பார்த்தார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. நான்கு ஆண்டும் இந்த மனிதர் கையைப் பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்த்துக்கொள்வாரே! ஒவ்வொரு முறையும்!

"காட்டுங்க சார்," என்றார் கான்ஸ்டபிள். போலீஸ்காரர் கேட்டால் காட்டாமல் இருக்க முடியுமா? விரல்கள் ஒவ்வொன்றாக விலகின. தங்கநிறக் கடிகாரம் மூன்றே முக்கால் காட்டியது. கண்ணாடிக்குள்ளே பாசி பிடித்திருந்தது. முள் துரு ஏறி இருந்தது. எத்தனை ஆண்டாக மூன்றே முக்காலோ!

"அட!" என்றார் கான்ஸ்டபிள். "நிமிஷம்கூட மாறலன்னீங்க?"

கச்சிங்வே சிரிக்கவில்லை. அவர் நல்ல மனிதர், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன். மேலாளர் கழற்றிக் கொடுத்தாராம்! குப்பையில் போட்டதைப் பொறுக்கியிருப்பார்.

சிம்பலங்கா அந்தப் படிவத்தைக் கிழித்தார். புதுப் படிவம் எடுத்தார். தொடக்கம் 8.00. முடிவு 10.30. கூடத்துக் கடிகாரம் நின்றது, மாற்றியது தவறான நேரம் காட்டியது, முழு நேரமும் வழங்கப்பட்டது என்று நான் சொல்லச் சொல்ல எழுதினார். கையெழுத்துப் போட்டேன். தாள் பிழைத்தது.

அந்த வாரமே தலைமையாசிரியர், தேர்வு நேரத்தில் ரேடியோ வைத்திருந்த குற்றத்துக்காகக் கச்சிங்வேயின் ரேடியோவைப் பிடுங்கி அலமாரியில் பூட்டினார். பத்து நிமிடம் முந்திய கடிகாரம் மீண்டும் அவர் அறை ஆணியில் ஏறிக்கொண்டது. இதுதான் எங்கள் ஊர் நியாயம்.

எனெலேசி தேறினாள். நான்கு ஆண்டு கழித்து, விடாத இருமலோடு சுகாதார நிலையத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைச் சீருடையில் அவள், நெஞ்சில் தலைகீழாகக் குத்திய சின்னக் கடிகாரத்தோடு. எனக்கு முன்னால் முப்பது பேர். அப்போது உள்ளே நுழைந்தது யார் தெரியுமா? ஓய்வு பெற்ற சிம்பலங்கா. அதே கோட்டு. அதே பளபளப்பு.

எனெலேசி ஓடிவந்து முழங்கால் மடித்து வணங்கினாள். வரிசையைத் தாண்டி முதல் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"என்ன மறந்துட்டீங்களா ஐயா? கணக்குப் பரீட்சையில கடிகாரம் நின்னப்ப, மேலுக்கு அதட்டினாலும், ஜன்னல்ல கையாட்டி மணி அடிக்க விடாம, நேரம் முடிஞ்சப்புறமும் பத்து நிமிஷம் கூடக் கொடுத்தீங்களே. அந்தப் பத்து நிமிஷத்துலதான் ஐயா நான் வரைபடத்த முடிச்சேன். தினமும் உங்களுக்காக வேண்டிக்கிறேன்."

அந்த மனிதர் ஒரு நொடி திகைத்தார். ஒரு நொடிதான். பிறகு கழுத்தை நிமிர்த்தினார்.

"பிள்ளைங்க கஷ்டப்படுறத என்னால பார்க்க முடியாது மகளே," என்றார் கணீரென்று.

எனக்கு இருமல் நின்றுவிட்டது. இன்றும் சத்தியம் செய்வேன், கோபத்தில் நின்றது. பெஞ்சைவிட்டு எழுந்தேன்.

"சிம்பலங்கா சார்! மணி என்ன?"

என்னைப் பார்த்தார். முகம் வெளிறியது. பழக்கம் விடுமா? கண் தானாகச் சுவருக்குப் போனது. அந்தச் சுவரில் காசநோய் பற்றிய சுவரொட்டி ஒன்றுதான் இருந்தது. முப்பது பேரும் அவரையே பார்த்தார்கள்.

"உனக்கு யாரும் கூடக் கொடுக்கலம்மா," என்றேன் எனெலேசியிடம். "உன்னோட பத்து நிமிஷத்தத்தான் இவர் பிடுங்கப் பார்த்தார். பிடுங்க விடாம மாமரத்தடியில நின்னவர் கச்சிங்வே. சந்தேகம்னா இவர் கையத் திருப்பிப் பாரு."

அவள் நாடி பார்ப்பது போல அவர் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினாள். மூன்றே முக்கால். வெகுநேரம் அதைப் பார்த்தாள். வாரைக் கழற்றிக் கடிகாரத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி மேசைமேல் வைத்தாள். அவருடைய நரம்பில் விரல் வைத்து, தன் நெஞ்சிலிருந்த கடிகாரத்தை நிமிர்த்திப் பிடித்தாள்.

"அது வந்து, மகளே, அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா..." என்று தொடங்கினார்.

"பேசாம இருங்க," என்றாள் எனெலேசி. "ஒரு நிமிஷம் முழுசா எண்ணணும். முடிஞ்சா நான் சொல்றேன்."

அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.